மேற்கோள் குறிக்குள் ஒரு கதவு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: லோமா பார்தா நகராட்சி எல்லைக்குள், மறைந்த மகாகவி பெலார்மினோ உர்ருத்தியாவின் வரிகளைக் கேட்டு டான் அனிசெத்தோ கிந்தானாவிடம் வந்த எவரும் இன்றுவரை வெறுங்கையோடு திரும்பியதில்லை. பண்பாட்டு மன்றத்தின் இயக்குநர், 'உர்ருத்தியா: மனிதரும் மலையும்' என்ற கையேட்டின் ஆசிரியர், கவிஞரின் பிறந்தநாள் தோறும் சதுக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்று கண்ணை மூடிப் பேசுபவர் என்று அவருக்குப் பல தகுதிகள். கண்ணை மூடுவதற்குக் காரணம் உணர்ச்சி என்று ஊர் நம்பியது. ஞாபகம் வராதபோது மனிதன் கண்ணை மூடுவான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உர்ருத்தியாவின் 'விடியுமுன்' கவிதை தெரியாதவர் லோமா பார்தாவில் கிடையாது. தெரியும் என்றால், முதல் இரண்டு வரி தெரியும். அதற்கு மேல் கதை தெரியும். இருட்டோடு ஒருவன் வீட்டை விட்டுப் போகிறான், அடுப்பில் காப்பி இல்லை, நாய் இருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது. முடிதிருத்தும் கடையில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். புகழ் பெற்ற கவிதைகளின் தலையெழுத்து இது. எல்லோருக்கும் தெரிந்துபோவதால் யாரும் படிப்பதில்லை.

டோன்யா நெரெய்தா மன்றத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கறுப்பு உடை, கையில் நனைந்த குடை. அவள் அண்ணன் ஆப்தோன் இறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் சாவுக்கான ஒன்பது நாள் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. டான் அனிசெத்தோ எழுந்து நின்று, அனுதாபத்துக்கென்று வைத்திருந்த குரலை எடுத்தார். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"டான் அனிசெத்தோ, எனக்குக் கவிதையில கொஞ்சம் வரி வேணும்."

"எந்தக் கவிதை, டோன்யா?"

"அதான், விடியறதுக்கு முன்னாடி ஒருத்தன் கிளம்பிப் போவானே. நாய் பாக்கும். கடைசியில கதவு வரும். அந்த இடம்."

"ஆகா," என்றார் டான் அனிசெத்தோ. விரல் தானாக உயர்ந்தது. "மூன்றாம் பத்தி. இறுதி வரிகள்."

"ஆப்தோன் போறதுக்கு முந்தின நாள் என் கையப் பிடிச்சான். இலியா வந்தா அந்தக் கதவு வரியை அவகிட்ட சொல்லு, எனக்குன்னு சொல்ல வேற ஒண்ணும் இல்லன்னான். நானும் சரின்னு தலையாட்டிட்டேன். என்ன வரின்னு கேக்கல. ஊருக்கே தெரிஞ்ச கவிதை, அதப் போய் சாகக் கிடக்கிறவன்கிட்ட கேப்பாங்களா. இப்ப உக்காந்து யோசிச்சா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. கதவு மட்டும்தான் வருது."

இலியா ஆப்தோனின் மகள். அவள் சிறுமியாக இருந்தபோது ஆப்தோன் ஒரு விடியற்காலையில் கித்தாரோடு பக்கத்து ஊருக்குப் போனவர். அங்கே ஒரு பாட்டுக் கூட்டமும் ஒரு விதவையும் இருந்தார்கள். திரும்பி வர அவருக்குச் சில வருடம் பிடித்தது. அதற்குள் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் போய்விட்டாள். அதன்பிறகு தகப்பனும் மகளும் பேசியதில்லை. சாவுச் செய்தி சொன்ன தொலைபேசியில் இலியா, "கடைசி நாளுக்கு வரப் பாக்கிறேன், அத்தை" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"அர்த்தம் வேண்டாம், டான் அனிசெத்தோ," என்றாள் நெரெய்தா. "அர்த்தம் எனக்கே சொல்லத் தெரியும். அவன் சொல்லச் சொன்ன வார்த்தை வேணும். அப்படியே."

"அப்படியேதான் தருவேன்," என்றார் அவர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டான் அனிசெத்தோவுக்கு இந்த வேலை எப்படிச் செய்வது என்று தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகத் தெரியும். மாவட்ட நூலகர்களுக்கு அவரே இரண்டு நாள் பயிலரங்கம் நடத்தி, சான்றிதழில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஒருவர் கவிதையை வர்ணித்துக் கேட்டால், முதலில் அவர் நினைவில் இருப்பது சொல்லா காட்சியா என்று பிரிக்க வேண்டும். நிச்சயமான ஒரு சொல்லாவது இருக்கிறதா, எங்கே கேட்டது, பள்ளியிலா வானொலியிலா, ஓசை எப்படி முடிந்தது என்று கேட்க வேண்டும். வர்ணனை கவிதையைக் கண்டுபிடிக்க உதவும், வரியைக் கொடுக்காது. கவிதை எது என்று தெரிந்த பிறகு புத்தகத்தை எடுத்து, அச்சிட்ட வரிக்குக் கீழே விரலை வைத்துச் சொல் சொல்லாக எழுத வேண்டும். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று அடியில் குறிக்க வேண்டும். புத்தகம் கிடைக்காவிட்டால், 'கருத்து மட்டும், சொற்கள் நினைவிலிருந்து' என்று மேலே போட வேண்டும். இவ்வளவையும் பயிலரங்கத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் அவர்தான்.

ஆனால் புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உர்ருத்தியா தொகுப்பின் முதல் பதிப்பு, மன்றத்தின் ஒரே பிரதி, கவிஞரின் படம் உள்ள பக்கம் தெரியும்படி விரித்துவைக்கப்பட்டு, அடியில் பட்டுத்துணி. சாவி செயலாளர் புருனில்தாவின் கைப்பையில். புருனில்தாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவள், "எதுக்கு டான் அனிசெத்தோ, உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே?" என்பாள். அந்தக் கேள்வியை அவள் கேட்காமல் இருக்கும் ஒரு மதியத்தை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை.

அவர் பேனாவைத் திறந்தார்.

முதல் வரி வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில், படியிறங்கும்போது ஒரு படி இல்லாததுபோல, கால் காற்றில் ஒரு கணம் நின்றது. அந்த இடத்தில் சொல் இல்லை, சொல் இருந்த இடத்தின் வெப்பம் மட்டும் இருந்தது. டான் அனிசெத்தோ கண்ணை மூடினார். மூடியதும் வேறொரு சொல் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, மிக மரியாதையாக, ஏற்கெனவே அங்கே குடியிருந்ததுபோல. ஞாபகத்தின் அயோக்கியத்தனம் இதுதான். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. சரளமாக வருகிறது.

அழகான சாய்ந்த கையெழுத்தில் நான்கு வரி எழுதினார்:

"என் விசுவாசமுள்ள நாய் பார்த்திருக்க,
நீ அமைதியாய் உறங்கிக்கிடந்தாய்;
உன் கனவு கலையாமல் நடந்தேன்,
உனக்காகக் கதவைத் திறந்தே வைத்தேன்."

முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டார். அடியில் 'பெலார்மினோ உர்ருத்தியா' என்று எழுதி, பெயருக்குக் கீழே ஒரு சுழி சுழித்தார். நெரெய்தா படித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தாள்.

"இதுதான்," என்றாள். "இதேதான் நெனைச்சேன்."

இதேதான் நினைத்தாள் என்பது உண்மை. அவள் வர்ணித்ததை அவர் கொஞ்சம் மெருகேற்றித் திருப்பிக் கொடுத்திருந்தார். தன் சொந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்து இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று சொல்வதைப்போல அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். டான் அனிசெத்தோவுக்கு மனம் நிறைந்திருந்தது. அன்று மாலையே நகரத்தலைவர் வென்செஸ்லாவோ தொலைபேசியில் கூப்பிட்டு, சந்தைச் சுவரில் எழுத உர்ருத்தியாவின் அந்தக் கதவு வரி வேண்டும் என்றபோது, காகிதத்தைக்கூடப் பார்க்காமல் நான்காம் வரியைச் சொன்னார். ஒரே நாளில் இருமுறை ஒரே மாதிரிச் சொன்னதால் அது உறுதியாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் மாலை நெரெய்தா வீட்டு முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜெபமாலை முடிந்தது. காப்பி வந்தது, ரொட்டி வந்தது, வாழையிலையில் கட்டி அவித்த பாஸ்தெலெஸ் வந்தது. ஆப்தோன் பாட்டுக்காரர் என்பதால் பாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்தால் பாடித்தான் அவரை அனுப்ப வேண்டும். இலியா முன் வரிசையில், ஊருக்குப் பொருந்தாத கனத்த காலணியில், தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். டான் அனிசெத்தோ வெள்ளைச் சட்டையில் அவளுக்கு எதிரே, தூணை ஒட்டி. வரிகள் வாசிக்கப்படும்போது தலையை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்பதைத் தீர்மானித்து வைத்திருந்தார்.

நெரெய்தா எழுந்தாள். காகிதத்தைப் பிரித்தாள்.

"இலியா, உங்கப்பா உனக்குன்னு ஒண்ணு விட்டுட்டுப் போயிருக்கான். நகையில்ல, நிலமில்ல. உர்ருத்தியாவோட வரி. இத அவகிட்ட சொல்லுன்னு சொன்னான். டான் அனிசெத்தோ எழுதிக் கொடுத்திருக்கார்."

வாசித்தாள். நல்ல குரல் அவளுக்கு. 'உனக்காகக் கதவைத் திறந்தே வைத்தேன்' என்று முடித்தபோது பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. டான் அனிசெத்தோ தலையைச் சாய்த்தார்.

இலியா அழவில்லை.

"எனக்காகவா?" என்றாள்.

நெரெய்தா காகிதத்தை மறுபடி பார்த்தாள்.

"எனக்காகத் திறந்து வச்சாராமா, அத்தை? நல்ல மனசு. அம்மா தையல் மிஷின் முன்னாடி தூங்கி விழுந்தாளே, அப்பல்லாம் கதவு திறந்துதான் இருந்திருக்கு போல. எங்களுக்குத்தான் கண்ணுல படல."

"அவன் அப்படிச் சொல்லல, கண்ணு. கவிதை அது..."

"அவர் பொறுக்கி எடுத்துச் சொல்லச் சொன்ன வரி இது. ஊர்ல இருக்கிற அத்தனை வரியிலயும் இது. விட்டுட்டுப் போனதுக்கு மன்னிப்புக் கேப்பார்னு நெனைச்சு வந்தேன். அவர் எனக்கு உபகாரம் பண்ணினதாச் சொல்லிட்டுப் போயிருக்கார்." கைப்பையை எடுத்தாள். "காப்பி நல்லா இருந்தது, அத்தை. குடிக்கல, ஆனா வாசனை நல்லா இருந்தது."

இந்த இடத்தில்தான் காசில்தா குறுக்கே வந்தாள். மலைப்பக்கத்துப் பாடகிகளில் மூத்தவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கர்வம். வானொலியில் பாடியவள், பாடாத நேரத்தில் வானொலியில் பாடியதைப் பற்றிப் பேசுபவள். சாவு வீட்டில் சண்டை வருவது அவளுக்குப் பிடிக்காது, தன் பாட்டுக்கு முன்னால் வருவது அறவே பிடிக்காது.

"உக்காரு பொண்ணே, ஒரு பாட்டு கேட்டுட்டுப் போ. உங்கப்பனுக்கு நான் கடன்பட்டிருக்கேன், பாட்டுக் கடன். நெரெய்தா, அந்தக் கடைசி வரியைக் குடு. அதையே காலடியா வச்சுப் பாடுறேன்."

காலடி என்றால், கூட்டத்தில் யாராவது ஒரு வரி கொடுப்பார்கள். பாடுகிறவர் அந்த இடத்திலேயே பத்து வரிப் பாட்டொன்று கட்டி, பத்தாவது வரியாகக் கொடுத்த வரியை, ஒரு சொல்லும் மாற்றாமல், கொண்டுவந்து இறக்க வேண்டும். வரிக்கு எட்டு அசை. ஒன்பது கிடையாது, ஏழு கிடையாது. அந்த மலையில் குழந்தைகள் எட்டுவரை எண்ணக் கற்பதே அதற்குத்தான்.

நாலு கம்பிப் பெயரும் பத்துக் கம்பி உடம்புமாய் இருக்கும் குவாத்ரோவை வாசிப்பவர் சுருதி சேர்த்தார். காசில்தா கண் மூடாமலே பாடினாள். ஆப்தோனைப் பற்றி, அவர் கித்தாரைப் பற்றி, மழையைப் பற்றி. ஏழாம் வரி, எட்டு, ஒன்பது. பத்தாவதில் வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். குவாத்ரோ ஒரு சுற்று சுற்றிவந்து அவளுக்காகக் காத்தது. மறுபடி ஒன்பதாம் வரியிலிருந்து வந்தாள். மறுபடி நின்றாள். வானொலியில் பாடியவள் நிற்பதை லோமா பார்தா பார்த்ததில்லை.

"இது எறங்கமாட்டேங்குது," என்றாள். கையை நீட்டி விரல்விட்டு எண்ணினாள். "உ, னக், கா, கக், க, த, வைத், தி... எட்டு ஆயிடுச்சு, இன்னும் கதவே திறக்கல. றந், தே, வைத், தேன். பன்னெண்டு. டான் அனிசெத்தோ, நீங்க குடுத்தது காலடி இல்ல, முழங்கால்."

சிரிப்பு எழுந்தது. சாவு வீடு என்பதால் அடங்கியும் போனது.

"கவிஞர்களுக்கு உரிமை உண்டு, காசில்தா," என்றார் டான் அனிசெத்தோ. குரல் மேடைக் குரலாகவே வந்தது. அது அவருக்கே விரும்பத்தகாததாக இருந்தது. "மகாகவி யாப்பை மீறிய தருணம்."

"உர்ருத்தியாவா? எட்டுக்கு மேல ஒண்ணு போனா அந்த மனுஷன் விரலை வெட்டிக்குவான். அவர் பாட்டு அம்பது பாடியிருக்கேன், இந்தப் பாட்டுல முதல் பத்து வரிதான் தெரியும். இதுல அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது. இது அவர் இல்லேன்னு தெரியும். விசுவாசமுள்ள நாயாம். உர்ருத்தியா நாய்க்குச் சோறுகூட வச்சிருப்பார், பெயரடை வைக்கமாட்டார்."

"பதிப்புக்குப் பதிப்பு பாடபேதம்..."

"எந்தப் பதிப்பு?"

கேட்டது காசில்தா அல்ல. இலியா. கைப்பை தோளில், கதவுக்குப் பாதி வழியில் நின்றிருந்தாள்.

"எந்தப் பதிப்புல பாத்து எழுதினீங்க?"

டான் அனிசெத்தோ கண்ணை மூடினார். மூடியபோது எதிரே இருந்தது பதிப்பு அல்ல, கரும்பலகை. அதில் தன் கையெழுத்து. பார்த்து எழுதாத வரிக்கு மேற்கோள் குறி போடுவது பிறர் பெயரில் கையெழுத்திடுவது. சான்றிதழ் வாங்க வந்த நூலகர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அடிக்கோடுகூடப் போட்டாள்.

"பார்க்கவில்லை," என்றார்.

 

"மன்றத்துல புத்தகம் இருக்கு," என்றாள் புருனில்தா, பாஸ்தெலெஸ் இலையை மடித்துக்கொண்டே. "சாவி எங்கிட்ட இருக்கு. எப்பவுமே எங்கிட்டதான் இருக்கு, யாரும் கேக்கறதில்ல."

இரண்டு தெரு தள்ளித்தான் மன்றம். டான் அனிசெத்தோ முன்னால் நடந்தார், கைது செய்யப்பட்டவன் வழி காட்டுவதுபோல. பின்னால் புருனில்தா, நெரெய்தா, காசில்தா. கடைசியில் இலியா. "எங்கப்பா சொல்லச் சொன்னத நான் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பெட்டி திறந்தது. பட்டுத்துணியின் மேல் புத்தகம். டான் அனிசெத்தோ அதைத் தூக்கியபோது அதன் முதுகு கறகறத்தது. கவிஞரின் படத்தை அடுத்திருந்த பொருளடக்கத்தில் 'விடியுமுன்' பார்த்து, பக்க எண்ணைக் கண்டு, அங்கே போனார். போக முடியவில்லை.

பக்கங்கள் ஒட்டியிருந்தன. ஒட்டவில்லை, அவை பிரிக்கப்படவே இல்லை. பழைய அச்சுக்கூடங்கள் தாளை மடித்து அப்படியே தைத்து அனுப்பிவிடும். வாங்கியவர் கத்தியால் மடிப்பைக் கிழித்துக்கொண்டே படிக்க வேண்டும். படமும் பொருளடக்கமும் இருந்த முதல் மடிப்பு மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. மீதிப் புத்தகம் கட்டி வந்த நாளிலிருந்து கன்னியாகவே இருந்தது. ஊரின் பெருமை, வருடா வருடம் மாலை போடப்பட்ட புத்தகம், யாராலும் படிக்கப்பட்டதில்லை. இவராலும்.

 காசில்தா பரிகாசம் செய்திருந்தால் டான் அனிசெத்தோவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் படிச்சது மாணவனா இருந்தப்ப," என்றார் அவர். "வேறொருத்தர் புத்தகத்தில. இரவல்." யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. சொன்னதும் அவருக்குக் காது சூடேறியது.

மேசையில் ஒரு வெள்ளிக் காகிதக்கத்தி இருந்தது. அவருடைய உர்ருத்தியா ஆய்வுகளைப் பாராட்டி நகராட்சி கொடுத்தது. அதுவரை எதையும் வெட்டாதது. அதை மடிப்புக்குள் விட்டு மெதுவாகக் கிழித்தார். நான்கு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கம் திறந்தது. மூன்றாம் பத்தி உண்மையிலேயே மூன்றாம் பத்திதான். அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லியிருக்கவில்லை.

வரிக்குக் கீழே விரலை வைத்தார். வாசிக்காமல் புத்தகத்தை இலியா பக்கம் திருப்பினார்.

நாய் மட்டும் தலை தூக்கிற்று,
நீயோ புரண்டு படுத்தாய்;
ஓசை எழும் என்று அஞ்சிக்
கதவு சாத்தவில்லை நான்.

காசில்தா விரல்விட்டாள். "க, த, வு, சாத், த, வில், லை, நான்." எட்டாம் விரலை மடக்கிவிட்டு, "வந்தான் பாரு," என்றாள் மெல்ல.

இரண்டு வரியிலும் கதவு திறந்துதான் கிடந்தது. யாராவது அந்த வீட்டைக் கடந்துபோயிருந்தால் ஒரே காட்சியைத்தான் பார்த்திருப்பார்கள். நெரெய்தா வர்ணித்ததில் பிழையே இல்லை; ஊரார் சொல்லிக்கொண்டிருந்த கதையிலும் இல்லை. ஆனால் ஒன்றில் போகிறவன் வள்ளல். மற்றொன்றில் அவன் திருடன். சொந்த வீட்டிலிருந்து திருட்டுத்தனமாக வெளியேறுகிறவன், சாத்தும் சத்தத்தில் ஒரு ஆள் எழுந்துவிட்டால் போக முடியாது என்று தெரிந்தவன். ஆப்தோன் கேட்டது திருடனின் வரியை. டான் அனிசெத்தோ அதை வள்ளலாக்கி, மேற்கோள் குறி போட்டு, இறந்தவர் வாயில் வைத்திருந்தார்.

இலியா பக்கத்தைப் படித்தாள்.

"அந்தக் கதவு சாத்தும்போது கிரீச்சுனு கத்தும்," என்றாள். "அம்மா அந்தச் சத்தத்துக்கு எழுந்துக்குவா. காலையில நான்தான் முதல்ல எழுந்தேன். கதவு திறந்து கெடந்தது, கோழி உள்ள வந்து மேசை மேல நின்னுட்டிருந்தது. எப்படித் தெறந்து போட்டுட்டுப் போனார்னு அம்மா ரொம்ப நாள் கேட்டுட்டே இருந்தா." அந்த வரியைத் தொட்டு, "தான் செஞ்சது என்னன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு," என்றாள்.

"மன்னிச்சிடு கண்ணு," என்றாள் நெரெய்தா, யார் சார்பில் என்று தெரியாமல்.

"நீங்க எதுக்கு, அத்தை? நீங்க வார்த்தை வேணும்னுதான கேட்டீங்க." டான் அனிசெத்தோவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லியிருக்கலாம். இல்ல, இது ஏறக்குறைய இப்படி, வார்த்தை என்னுதுன்னு மேல ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்ப நான் அப்பாகிட்ட கோபப்பட்டிருக்கமாட்டேன். உங்ககிட்ட கேட்டிருப்பேன்."

"ஆமாம்," என்றார் டான் அனிசெத்தோ.  வாழ்நாளில் அவர் ஆற்றிய மிகச் சிறிய உரை அது.

பேனாவைத் திறந்தார். இந்த முறை விரல் வரிக்குக் கீழேயே இருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதினார். 'படுத்தாய்' என்பதற்குப் பின்னால் இருந்த அரைப்புள்ளியையும் எழுதினார். எழுதி முடித்துப் பின்னிருந்து முன்னாக ஒருமுறை ஒத்துப்பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் கண் பொருளில் மயங்காது. அடியில் தொகுப்பின் பெயர், முதல் பதிப்பு, பக்க எண். 'வேறு பதிப்போடு ஒப்பிடவில்லை' என்றும் போட்டார். சுழி போடவில்லை.

"அந்தப் பழைய காகிதத்தையும் குடுங்க, அத்தை," என்றாள் இலியா. "அதையும் வச்சுக்கறேன். அதுல யாரோடதுன்னு எழுதச் சொல்லுங்க."

நெரெய்தா நீட்டினாள். டான் அனிசெத்தோ மேற்கோள் குறிகளை ஒவ்வொன்றாக அடித்தார். உர்ருத்தியாவின் பெயரை அடித்தார். மேலே எழுதினார்: 'கருத்து மட்டும், அதுவும் தவறு. சொற்கள் அனிசெத்தோ கிந்தானாவினுடையவை.' எழுதும்போது, எங்கிருந்து இந்த வரி வந்தது என்று அவருக்குப் புரிந்தது. அவருடைய கையேட்டில் 'விடியுமுன்' பற்றிய பக்கத்தில், கவிதையின் சாரத்தைச் சொல்லும்போது, அழகுக்காக நான்கு வரியாக உடைத்து, உள்ளே தள்ளி அச்சிட்டிருந்தார். சாரம் என்று மேலே போடவில்லை. பள்ளிகளுக்கு அந்தக் கையேடு இலவசமாகப் போயிருந்தது. பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் கதவு 'திறந்து வைக்கப்பட்டதாக'ச் சொல்வது எதனால் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை. மகாகவியின் செல்வாக்கு என்று நினைத்திருந்தார்.

முற்றத்துக்குத் திரும்பியபோது காப்பியை மறுபடி சுடவைத்திருந்தார்கள். காசில்தா நின்றபடியே பாடினாள். ஒன்பதாம் வரியிலிருந்து பத்தாவது, படிக்கட்டில் கால் இறங்குவதுபோல இறங்கியது. இலியா உட்கார்ந்திருந்தாள். மன்னித்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. தட்டில் இருந்த பாஸ்தெலெஸைப் பிரித்துச் சாப்பிட்டாள். அவ்வளவுதான் சொல்ல முடியும். டான் அனிசெத்தோ தூணுக்குப் பின்னால் நின்றார். தலையைச் சாய்க்கவில்லை. எந்தக் கோணமும் பொருந்துவதாகத் தெரியவில்லை.

திங்கள் காலை அவர் நகரத்தலைவர் அலுவலகத்துக்குக் கிளம்பினார். வழியில் சந்தை. சுவர் வெள்ளையடிக்கப்பட்டு, ஆள் உயர நீல எழுத்தில், 'உனக்காகக் கதவைத் திறந்தே வைத்தேன்' என்று இருந்தது. பெரிய மேற்கோள் குறிகள், அடியில் பெலார்மினோ உர்ருத்தியா. பெயிண்டர் தன் ரசனைக்கு ஒரு நாயும் வரைந்திருந்தார். விசுவாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

வென்செஸ்லாவோ அவரை உட்காரவைத்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரியான வரி என்னன்னு சொன்னீங்க?"

"கதவு சாத்தவில்லை நான்."

நகரத்தலைவர் ஜன்னல் வழியே சுவரைப் பார்த்தார், யோசித்தார்.

"சந்தைக்கு உங்களதுதான் நல்லா இருக்கு, டான் அனிசெத்தோ. வாங்கன்னு கூப்பிடற மாதிரி இருக்கு."

"அப்படியானால் அவர் பெயரையாவது எடுத்துவிடுங்கள். கருத்து மட்டும் என்று ஒரு சின்ன எழுத்தில்..."

"யாரோடதுன்னு போடறது? உங்க பேரையா?" என்றார் வென்செஸ்லாவோ, கேலியில்லாமல். "யார் படிப்பா?"

சுவர் இன்னும் இருக்கிறது. டான் அனிசெத்தோ இப்போது தபால் நிலையத்துக்குச் சந்தையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போகிறார்.